கடைசிக் கண்ணி

(மெட்டு: தன்னனன்னா தானனன்னா தன்னனன்னா தானனா)

பல்லவி

பாட்டு ஒன்று கட்ட வந்தேன் மண்டபத்துக் கரையிலே
கேட்ட வார்த்தை எல்லாம் வந்தும் கடைசி வரி வரலையே
தன்னனன்னா தானனன்னா தாளம் மட்டும் நிற்குது
என்ன போட்டு முடிப்பதென்று தொண்டைக்குள்ளே சிக்குது

சரணம் 1

சித்திரையில் மீன்பிடித் தடை விழ நோட்டு வாங்கி அமர்ந்தவன்
எத்தனையோ தாள் கிழித்துக் கப்பல் செய்து விட்டவன்
61 நாளும் அப்பா வலையைத் தைத்துக் குந்தினார்
அருகிருந்து சொல்லைத் தைத்த என்னை அவர் முந்தினார்
வலையின் கண்ணும் கண்ணிதானாம், ஈரடியும் கண்ணியாம்
ஒன்று விட்டால் மீனும் போகும் நூறு கண்ணி பின்னியும்

சரணம் 2

கைகள் ரெண்டும் விரிப்பதுபோல் பாம்பன் பாலம் திறந்ததை
மையலோடு எழுதி வைத்தேன் உன் மனசு திறந்ததாய்
புதிய பாலம் வந்ததம்மா, பிளக்கவில்லை நடுவிலே
அதுபாட்டுக்கு மேலே ஏறும், உவமை நின்றது தெருவிலே

(பேச்சாக)
சரி, அடுத்த உவமைக்கு இன்னொரு பாலம் கட்டும்வரை காத்திருக்க முடியுமா?

தனுஷ்கோடி மணலில் நிற்கும் மாதா கோயில் சுவரையும்
64-ஆம் வருஷப் புயலையும் கடைசி வரியில் கூட்டினேன்
பாட்டி வாயில் வெற்றிலையைப் பாதியிலே துப்பினாள்
"ரயிலும் போச்சு, சனமும் போச்சு, உனக்கு அதுதான் எதுகையா?"
வரியை அடித்தேன், அடித்த கோட்டை அவளே பார்த்துத் திரும்பினாள்

சரணம் 3

பாசி எடுக்கும் பெண்ணின் கையில் வளையல் பாடும் என்றதும்
வாசி என்று நின்று கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவள்
"பாறை கிழிக்கும் விரலுக்கெல்லாம் துணியைச் சுற்றிப் போகிறோம்
வேறு யாரோ வளையல் போட்டார், அவளைப் போய்ப் பாடய்யா!"

(பேச்சாக)
வளையல் போனது. எதுகையும் போனது. அவள் சிரிப்பை எழுதலாம் என்றால் அது எந்தச் சீருக்குள்ளும் உட்காரவில்லை.

(பல்லவி, மெதுவாக)

தன்னனன்னா தானனன்னா தாளம் மட்டும் நிற்குது
என்ன போட்டு முடிப்பதென்று தொண்டைக்குள்ளே சிக்குது

சரணம் 4

நாளை ஆனி, தடையும் தீரும், டோக்கன் வாங்கி வச்சாச்சு
மூலையெல்லாம் ஐஸு கொட்டிப் பெட்டி மூடி வச்சாச்சு
டீசல் குடித்த இஞ்சின் வந்து தாளம் போட்டுப் பார்க்குது
ஓசை கேட்டுப் படகையெல்லாம் அலை எழுந்து ஆட்டுது
கச்சான் காற்று சட்டைக்குள்ளே புகுந்து நோட்டைப் புரட்டுது
மிச்சம் உள்ள ஒற்றை வரி என்னை மட்டும் விரட்டுது

நிலவைப் போட்டேன், பழசாய்ப் போச்சு. அலையைப் போட்டேன், நனைந்து போச்சு.
உன்னைப் போட்டேன், நீ சிரிப்பாய். என்னைப் போட்டேன், எனக்கே சிரிப்பு.

தன்னனன்னா தானனன்னா தன்னனன்னா தானனா
தன்னனன்னா தானனன்னா...

(இசை நிற்கிறது. இஞ்சின் சத்தம் மட்டும். அணியத்தில் இருந்து அப்பாவின் குரல், அதே மெட்டில்)

"நோட்டை வையி, கயிற்றை அவிழ், நேரமாச்சு, ஏறுடா!"