‘கிழவனும் கடலும்’ – நூல் அறிக்கை, பதினோராம் வகுப்பு

எர்னெஸ்ட் ஹெமிங்வே எழுதி 1952-ல் வந்த நாவல் இது. சின்னப் புத்தகம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்து முடித்துவிட்டேன்.

கதை கியூபாவில், ஹவானா பக்கம் நடக்கிறது. சாண்டியாகோ என்ற கிழவருக்கு 84 நாளாக ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. முதல் 40 நாள் மனோலின் என்ற பையன் கூட வந்தான், அப்புறம் இவருக்கு ராசி இல்லை என்று அவனைப் பெற்றவர்கள் வேறு படகுக்கு அனுப்பிவிட்டார்கள். 85-வது நாள் தனியாக வெகுதூரம் போகிறார், பெரிய மார்லின் ஒன்று தூண்டிலில் மாட்டிப் படகையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டு இரவு கயிற்றை முதுகில் தாங்கிப் பிடித்து, சூரை மீனைப் பச்சையாகத் தின்று, மூன்றாம் நாள் அதைக் கொல்கிறார். மீன் படகைவிட நீளம், அதனால் பக்கவாட்டில் கட்டித்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ரத்த வாடைக்குச் சுறாக்கள் வருகின்றன. ஈட்டி போகிறது, கத்தி உடைகிறது, கட்டையால் அடித்தும் பார்க்கிறார். கரை சேரும்போது மிஞ்சியது தலையும் முள்ளும் வாலும்தான்.

மனிதனை அழிக்கலாம், தோற்கடிக்க முடியாது என்று கிழவர் நினைக்கும் இடத்தைத்தான் எல்லோரும் கருப்பொருளாக எழுதுவார்கள். அது சரிதான், ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது துணை. கடலில் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ‘பையன் இருந்திருந்தால்’ என்பதுதான். தொடக்கத்தில் ஒரு காட்சி வரும்: பானையில் சோறும் மீனும் இருக்கிறது என்று கிழவர் சொல்வார், சோறும் கிடையாது, பானையும் கிடையாது, பையனுக்கும் அது தெரியும், ஆனாலும் அடுப்பு மூட்டட்டுமா என்று கேட்பான். தினமும் இதே நாடகம். பட்டினியை ஒருவர் மறைக்க இன்னொருவர் மறைக்க விடுகிறார், நாவலிலேயே எனக்குப் பிடித்த பக்கம் அதுதான். கிழவருக்கு அடிக்கடி வரும் சிங்கங்களைப் பற்றிய கனவு மட்டும் கடைசிவரை எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை, இளமையை நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கயிறு உள்ளங்கையை அறுக்கும் இடங்களில் எனக்குத் தாத்தா கைதான் கண்ணில் நின்றது. அவரும் வள்ளத்தில் போனவர், இரண்டு கையிலும் தழும்பு உண்டு. மீன் இல்லாமல் வந்தால் “இன்னைக்குப் பாடு இல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வாராம், பாட்டி ஒன்றும் கேட்க மாட்டாராம். அவருக்கு இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். மீன் எத்தனை அடி என்றுதான் கேட்பார் என்று நினைத்து, 18 அடி என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“அந்தப் பயல ஏன் கூட்டிட்டுப் போகல?”