கடைத் தீயணைப்பான் லேபிள்கள்: தமிழில்

வணக்கம் அண்ணை,

நீங்கள் அனுப்பின படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் எழுத்தின் மேலே விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால்தான் திரும்ப எடுக்கச் சொன்னேன். இப்போது எல்லாம் தெளிவு. லேபிளில் பிரெஞ்சில் உள்ளதை முதலில் அப்படியே தமிழில் தருகிறேன். என் விளக்கம் கீழே தனியாக இருக்கிறது.

முதலாவது: பின்னால் ரோல்ஸ் பொரிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் தொங்குவது

தீயணைப்பான்
6 லீற்றர் தண்ணீர், சேர்மானத்துடன்
13A 183B

1. பின்னைக் கழற்றவும்.
2. மேலுள்ள பிடியை ஓங்கி அழுத்தவும்.
3. குழாயின் முனையை அழுத்தி, நெருப்பின் அடிக்குப் பீச்சவும்.

A: காய்ந்த பொருள்களில் எரியும் நெருப்பு. B: திரவங்களில் எரியும் நெருப்பு.
1000 வோல்ற் வரை கரண்ட் ஓடும் கருவிகளில் பாவிக்கலாம். குறைந்தது 1 மீற்றர் தள்ளி நிற்கவும்.
பாவித்த பின், சிறிதளவே பாவித்திருந்தாலும், மீள நிரப்பவும். ஒழுங்காகச் சோதிக்கவும். அத்தாட்சி பெற்ற மாதிரிக்குப் பொருந்தும் பொருள்களையும் உதிரிகளையும் மட்டுமே பாவிக்கவும்.
பாவிக்கும் வெப்பநிலை: +5 °C முதல் +60 °C வரை.

இரண்டாவது: கல்லாவுக்குப் பின்னால், கரண்ட் பெட்டிக்குக் கீழே இருப்பது

தீயணைப்பான்
2 கிலோ CO₂
34B

1. பின்னைக் கழற்றவும்.
2. கறுப்புக் குழலை நெருப்பின் அடிக்குத் திருப்பவும்.
3. பிடியை அழுத்தவும்.

B: திரவங்களில் எரியும் நெருப்பு.
கரண்ட் ஓடும் கருவிகளில் பாவிக்கலாம்.
மூடிய இடத்தில் பாவித்தால், பிறகு காற்றோட்டம் விடவும்.
பாவித்த பின், சிறிதளவே பாவித்திருந்தாலும், மீள நிரப்பவும்.

லேபிள்கள் அவ்வளவுதான். இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள் அண்ணை.

இரண்டிலும் F என்ற எழுத்து இல்லை. ஐரோப்பாவில் சமையல் எண்ணெய், கொழுப்பு நெருப்புக்கு உரிய எழுத்து அதுதான். பக்கத்தில் தாச்சி எரிகிற படமும் போட்டிருப்பார்கள். உங்கள் கடையில் நெருப்புப் பிடிக்க அதிக வாய்ப்புள்ளது அந்தப் பொரிக்கிற எண்ணெய்தான். அதற்குப் பக்கத்தில் தொங்குவதோ தண்ணீர்.

"எண்ணெயும் திரவம்தானே, B இருக்கிறதே" என்று கேட்பீர்கள். B என்பது பெற்றோல், பெயின்ற், ஸ்பிரிட் போன்றவை. பொரிக்கிற எண்ணெய் தானாகப் பற்றுவது 300 பாகைக்கும் மேலே. அந்தச் சூட்டில் தண்ணீர் விழுந்தால் அடிக்குப் போய் அந்த நொடியே ஆவியாகும். ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 1700 லீற்றர் ஆவியாக விரியும். அது எரிகிற எண்ணெயைத் தூக்கிக்கொண்டு கூரைக்கும், நிற்கிற ஆளின் முகத்துக்கும் போகும். CO₂ சிலிண்டரும் இதற்குச் சரிவராது. வேகமான காற்று எண்ணெயைத் தெறிக்க வைக்கும். அணைந்தாலும் எண்ணெய் ஆறாது, திரும்பப் பற்றும்.

ஆகவே தண்ணீர்ச் சிலிண்டரை இன்றைக்கே அடுப்படியிலிருந்து எடுத்து, மட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கிற முன்பக்கத்தில் மாட்டுங்கள். மட்டை, சாக்கு, துணி, பலகை எல்லாம் A. அதற்கு இது நல்ல சாமான். அடுப்படிக்கு F உள்ள ஒன்று வாங்க வேண்டும். சில 6 லீற்றர் சிலிண்டர்களில் ABF என்று மூன்று எழுத்தும் இருக்கும். வெளித்தோற்றத்தில் உங்களுடையதைப் போலவே சிவப்பாக இருக்கும். நிறத்தைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். அது வரும்வரை தாச்சிக்குப் பொருந்துகிற இரும்பு மூடி ஒன்று அடுப்புக்குப் பக்கத்திலேயே கிடக்கட்டும். பற்றினால் கை எட்டுமென்றால் காஸை நிற்பாட்டி, மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடக் கூடாது.

கனடாவில் இருக்கிற உங்கள் தம்பி "C என்றால் கரண்ட்" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது அங்கே சரி. அங்கே C கரண்ட், சமையல் எண்ணெய்க்கு K. இங்கே பிரான்சில் C என்பது காஸ். கரண்டுக்கு இங்கே எழுத்தே கிடையாது, தனி வரியாகத்தான் எழுதுவார்கள். அந்த வரியில் "சூ தோன்சியோன்" என்று வருவதைப் பார்த்து "டென்ஷன்" என்று நினைக்க வேண்டாம். கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும் நிலை என்று அர்த்தம். எப்படியானாலும் முதலில் மெயின் சுவிச்சை நிற்பாட்டப் பாருங்கள். காஸ் குழாய் வாயில் எரிந்தால், வால்வை மூடாமல் நெருப்பை மட்டும் அணைக்கக் கூடாது. எரியாத காஸ் கடைக்குள் நிறையும், அது இன்னும் மோசம்.

முதல் சிலிண்டரின் இரண்டாவது வரியில் "பெர்க்குத்தே" என்று இருக்கிறது. அகராதியில் தேடினால் "மோது, இடி" என்று வரும். கடைப் பெடியள் அதை நம்பிச் சிலிண்டரைச் சுவரில் இடிக்கக் கூடாது. இந்த வகைக்குள்ளே சின்னக் காஸ் குப்பி ஒன்று இருக்கிறது. மேல் பிடியை ஒரே அடியாக அழுத்தினால் உள்ளே ஒரு முள் அந்தக் குப்பியைத் துளைக்கும், அப்போதுதான் அமுக்கம் ஏறும். "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு தண்ணீர் தானாக வராது. குழாய் முனையை அழுத்தினால்தான் வரும், விட்டால் நிற்கும். முகத்தைச் சிலிண்டருக்கு நேர் மேலே வைக்காமல் அழுத்தச் சொல்லுங்கள்.

CO₂ சிலிண்டரில் கறுப்புக் குழலை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. வெளியே வருவது −78 பாகை வரை குளிரும், தோல் ஒட்டிக்கொள்ளும். பிடியை மட்டும் பிடிக்கவும். பின்னறையில் அடித்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும், அந்த வாயு மூச்சுக்காற்றைத் தள்ளிவிடும்.

மூன்றாவது படத்தில் உள்ள சின்னத் துண்டு சோதனை அட்டை. கடைசியாகத் துளை போட்டிருப்பது 2024 மார்ச். வருடத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பார்க்க வேண்டும், தவறிப்போயிற்று. கூப்பிடுகிறபோதே F சிலிண்டரையும் கேளுங்கள்.

கீழே உள்ளதை இரண்டு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஒன்றை அடுப்படியிலும் ஒன்றை கல்லாவிலும் ஒட்டுங்கள். புதிதாக வந்த பெடியனுக்கு ஒருமுறை வாய்விட்டு வாசித்தும் காட்டுங்கள்.

எண்ணெய் எரிந்தால்: காஸை நிற்பாட்டு. மூடியால் மூடு. தண்ணீர் ஊற்றாதே. சிவப்புச் சிலிண்டரில் F இல்லையென்றால் தொடாதே.
மட்டை, சாக்கு எரிந்தால்: தண்ணீர்ச் சிலிண்டர். பின்னைக் கழற்று, மேல் பிடியை ஓங்கி அழுத்து, குழாய் முனையை அழுத்தி அடியில் அடி.
கரண்ட் பெட்டி எரிந்தால்: மெயினை நிற்பாட்டு. CO₂ சிலிண்டர். பிடியை மட்டும் பிடி.
நெருப்பு உன்னை விடப் பெரிதானால், அல்லது புகை தலை மட்டத்துக்கு இறங்கினால்: ஆள்களை வெளியே எடு, கதவைச் சாத்து, 18 அல்லது 112 அடி. கடை முகவரியைச் சொல். வெளியே வந்த பிறகு திரும்ப உள்ளே போகாதே.

இன்னொன்று அண்ணை. இரண்டாவது படத்தில் சிலிண்டரின் பாதி, 20 கிலோ அரிசிப் பைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. படம் எடுப்பதற்காகப் பையை இழுத்த தடம் நிலத்தில் தெரிகிறது. அந்த இடத்தில் திரும்ப எதையும் வைக்க வேண்டாம்.