கயிற்றின் மறுமுனை: அண்ணன் திருமணத்தில் தங்கையின் வாழ்த்துரை

சபையில் இருக்கும் பெரியவர்களுக்கும், மாமன் மச்சான் பங்காளி உறவுமுறை அனைவருக்கும், கோவையிலிருந்து வந்திருக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும், செல்போன் வழியாக அயர்லாந்தில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும் சித்தப்பா வீட்டாருக்கும் வணக்கம். முன்வரிசையில் பலூன் பிடித்திருக்கும் குட்டிகளே, உங்களுக்குத் தனி வணக்கம். பந்தியின் கடைசியில் ஐஸ்கிரீம் உண்டு. நான் சமையல்காரரிடம் கேட்டுவிட்டேன். அதனால் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்க வேண்டும், சரியா?

நேற்று இரவு அண்ணனின் நண்பர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பெண் அல்லவா நிற்க வேண்டும்? ஆளுக்கொரு முனையாகப் புடவையைப் பிடித்துக்கொண்டு தங்கை ஏன் நிற்கிறார்?" நல்ல கேள்வி. அதற்குப் பெயர் இணைச்சீர். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்பே, மாப்பிள்ளைக்கும் உடன்பிறந்தவளுக்கும் நடக்கும் சீர் அது. நாளைக்குப் பெண்சாதி வந்துவிட்டாலும் உன்னோடு பிறந்தவளை மறந்துவிடாதே என்று ஊர் கூடிச் சொல்கிற சீர். அண்ணன் மகளைத் தன் மகனுக்குக் கேட்கும் உரிமையும் அதில் இருப்பதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த உரிமையை நான் இந்தச் சபையிலேயே விட்டுக்கொடுக்கிறேன். பிள்ளைகள் வளர்ந்து அவர்கள் விருப்பப்படி கட்டிக்கொள்ளட்டும். அண்ணன் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சாப்பிடும் உரிமை மட்டும் எனக்குப் போதும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன், அண்ணி.

கூறைப்புடவையின் ஒரு முனை என்னிடமும் மறுமுனை அண்ணன் கையிலும் இருந்தபோது, எனக்கு வேறொரு கயிறு நினைவுக்கு வந்தது.

எங்கள் தோட்டம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். கொடிவேரியிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டால் எங்கள் கிணறும் ஊறி மேலே வந்துவிடும். அப்படி நிறைந்திருந்த ஒரு கோடை விடுமுறையில் அப்பாரு எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பதினொன்று. என் இடுப்பில் தாம்புக் கயிற்றைக் கட்டி, மறுமுனையை அண்ணன் கையில் கொடுத்து, "நான் சொல்லும் வரைக்கும் விடக்கூடாது கண்ணு" என்று சொன்னார். அந்த நேரம் பார்த்து மாட்டு வியாபாரி ஒருவர் வந்துவிட்டார். மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அப்பாருவுக்கு நேரம் போவது தெரியாது. இதோ சிரிக்கிறார் பாருங்கள், அவருக்கே நினைவிருக்கிறது.

எனக்குப் பசி வந்துவிட்டது. கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்த்து மோட்டார் குழாயில் கட்டினேன். அண்ணன் நின்ற பக்கம் போகாமல், எதிர்ப்பக்கப் படி வழியாக ஏறி வீட்டுக்குப் போய், ஆத்தா போட்ட அரிசியும் பருப்பும் சாதத்தை நெய்விட்டுச் சாப்பிட்டு, திண்ணையில் படுத்துத் தூங்கியும்விட்டேன்.

எழுந்து வந்து பார்த்தால் வெயில் சாய்ந்திருந்தது. அண்ணன் அதே இடத்தில் நின்றிருந்தார். அதே கயிறு, அதே பிடி. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க அவருக்குப் பயம். ஆனால் கயிறு இறுக்கமாக இருந்ததால் நான் உள்ளே நீந்திக்கொண்டிருப்பதாகவே நம்பியிருக்கிறார். பின்னால் போய், "அண்ணா" என்றேன். திரும்பிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "நீ இங்கே இருக்கிறாய் என்றால், உள்ளே யார்?"

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அதற்கு அடுத்த விஷயம். நான் நடந்ததைச் சொன்ன பிறகும் அவர் கயிற்றை விடவில்லை. அப்பாரு இன்னும் சொல்லவில்லையே! நான் ஓடிப்போய் அப்பாருவைக் கூட்டிவந்து, அப்பாரு தன் வாயால் "விட்டுவிடு கண்ணு" என்று சொன்ன பிறகுதான் அண்ணன் விட்டார். உள்ளங்கை இரண்டும் சிவந்து தோல் உரிந்திருந்தது. அந்தக் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவியது நான்தான். தடவும்போது அழுதேன். அவர், "உனக்கு எதற்கு அழுகை? நீதான் சாப்பிட்டுவிட்டாயே" என்று கேட்டார்.

அண்ணி, உங்களிடம் ஒப்படைப்பது இப்படிப்பட்ட மனிதரைத்தான். கடைக்கு அனுப்பினால் சொன்ன பொருள் சொன்ன அளவில் வரும். ஒரு எச்சரிக்கை மட்டும்: "ஒரு நிமிடம் இங்கேயே நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டு ஜவுளிக்கடைக்குள் போய்விடாதீர்கள். சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நிற்பார்.

இப்போது அண்ணி வீட்டார் சிரிக்க வேண்டிய கதை. அவிநாசிப் பக்கத்தில் இவர்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாது.

பெண் பார்த்து, இரண்டு வீட்டிலும் பிடித்துப்போய், உப்புச்சர்க்கரைக்கு நாள் குறித்திருந்த சமயம். இருவரும் முதல்முதலாகத் தொலைபேசியில் பேசுகிறார்கள். அண்ணன் கோவையில் மோட்டார் செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவர். பெண்ணிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், அரைமணி நேரம் மோட்டார் காயிலை எப்படிச் சுற்றுவது என்று விளக்கியிருக்கிறார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். இந்தச் சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தோம். அண்ணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கள் கிணற்று மோட்டார் ஒரு வாரமாகச் சத்தம் போடுகிறது. என்ன காரணமாக இருக்கும்?" என்று கேட்டார்களாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் ஸ்பேனர் பையோடு பஸ் ஏறிவிட்டார் எங்கள் மாப்பிள்ளை.

அண்ணியின் அம்மாயி அன்றைக்குத்தான் வெளியூரிலிருந்து வந்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தபோது அவர்கள் ஊரில் இல்லை. கையெல்லாம் கிரீஸாக ஒருவர் மோட்டாரைக் கழற்றி, பேரிங் மாற்றி, ஓட்டிக் காட்டியதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சொம்பு மோர் கொடுத்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த நூறு ரூபாயையும் எடுத்து நீட்டியிருக்கிறார்கள். அண்ணனுக்குப் பெரியவர்கள் கொடுத்தால் மறுக்கத் தெரியாது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் போன பிறகு அம்மாயி மாமாவிடம், "நல்ல பையன். சத்தமே இல்லாமல் வேலை செய்கிறான். அடுத்த தடவையும் இவனையே கூப்பிடுங்கள்" என்று சொன்னார்களாம்.

அம்மாயி, நீங்கள் சொன்னபடியே கூப்பிட்டுவிட்டோம். அந்த நூறு ரூபாய் இன்னும் செலவாகவில்லை. அண்ணனின் பர்ஸில் மடித்தபடியே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் சட்டைப்பையைப் பாருங்கள், பட்டு வேட்டி கட்டியிருக்கும் இந்த நேரத்திலும் இருக்கும்.

அண்ணா, காட்டுங்கள். பார்த்தீர்களா!

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் எனக்கு மேடையை விட்டு இறங்க முடியாது. எங்கள் ஆத்தா இந்தக் கல்யாணத்தைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு தவறிவிட்டார்கள். கடைசிக் காலத்தில் ஆத்தாவுக்கு நினைவு தப்பிவிட்டது. சனிக்கிழமை இரவு கோவையிலிருந்து வரும் அண்ணனைப் பார்த்து, "வாங்க மாமா" என்பார்கள். அப்பாருவைக் கூப்பிடும் முறை அது. நாங்கள் எல்லாம், "ஆத்தா, இது உங்கள் பேரன்" என்று திருத்துவோம். அண்ணன் திருத்தியதே இல்லை. "வந்துவிட்டேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஆத்தா தன் கையால் சாதம் போடுவார்கள். சாப்பிட்டு எழுந்தால், போட்டதை மறந்துவிட்டு, "இன்னும் சாப்பிடவில்லையே" என்று மறுபடியும் வட்டிலை வைப்பார்கள். மறுபடியும் உட்கார்ந்து சாப்பிடுவார். சில நாள் மூன்று தடவை. அந்த வருடம் அண்ணனுக்கு எடை ஏறியது. அலுவலக நண்பர்கள் கேலி செய்தார்கள். அவர்களில் சிலர் இங்கே இருக்கிறீர்கள். காரணம் இப்போது தெரிந்திருக்கும்.

இன்று காலை மங்கல வாழ்த்துப் பாடியபோது, அப்பாரு கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். இளைஞர்களுக்காகச் சொல்கிறேன்: காலையில் நீங்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அந்த நீண்ட பாட்டு, கம்பர் பாடித் தந்தது என்று நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லிவருவது. பாதிச் சொற்கள் எனக்கும் புரியவில்லை. அப்பாருவுக்கு முழுவதும் புரியும். அவருடைய கல்யாணத்திலும் பாடிய பாட்டு அது. எண்பத்தாறு வயதில் அவர் அதை மறுபடியும் கேட்டபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அண்ணியும் அதைப் பார்த்திருக்கிறார்கள். தாலி ஏறிய கையோடு அப்பாரு காலில் விழுந்து எழுந்தவர்கள், அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேடைக்குத் திரும்பினார்கள். போட்டோக்காரர் அவசரப்படுத்தினார். அவர்கள் எழவில்லை. அண்ணி, உங்களை எனக்கு அந்த நிமிடத்தில் மிகவும் பிடித்துவிட்டது.

இப்போது எல்லோருக்கும் ஒரு வேலை. மேசையில் இளநீர் டம்ளர் வைத்திருக்கிறார்கள். கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்து நிற்க முடியாத பெரியவர்கள் உட்கார்ந்தபடியே எடுத்தால் போதும். குட்டிகளே, இரண்டு கையாலும் பிடியுங்கள், சிந்தக்கூடாது. அப்பாரு, நீங்கள் முதலில் தூக்குங்கள். நீங்கள் சொன்னால்தான் அண்ணன் எதையும் செய்வார், உங்களுக்கே தெரியும்.

அண்ணா, நேற்று நானும் நீங்களும் பிடித்திருந்த கூறைப்புடவை இப்போது அண்ணியின் மேல் இருக்கிறது. என் முனையை நான் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டேன். நீங்கள் உங்கள் முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை அப்பாரு சொன்னாலும் விடாதீர்கள்.

மாப்பிள்ளையும் பெண்ணும் பல்லாண்டு வாழ்க! எல்லோரும் சொல்லுங்கள், கடைசி வரிசையிலிருந்தும் கேட்க வேண்டும். வாழ்க!