நோக்க அறிக்கை: சுற்றுச்சூழல் பொறியியல் முதுகலை, டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், செப்டம்பர் 2026 சேர்க்கை

மதிப்பிற்குரிய சேர்க்கைக் குழுவினருக்கு,

2023 டிசம்பரில் நான் அனுப்பிய ஒரு வரைபடம் தப்பாகிப் போனது. இந்த விண்ணப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது, அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவகங்கை மாவட்டம் இளையான்குடி பக்கத்தில் சங்கிலித் தொடராக அமைந்த 14 கண்மாய்களில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களை வைத்துக் கணக்கிட்டு, 12 நாளுக்கு ஒரு முறை அந்தந்த ஊர்ப் பாசன சங்கத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது என் வேலை. தொடரில் நான்காவது கண்மாய் 40 சதவீதம்தான் நிறைந்திருக்கிறது என்று அன்று அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அந்த ஊரில் நீரைப் பங்கிட்டுவிடும் நீர்ப்பாய்ச்சி போன் செய்தார். "ஏம்மா, இங்க கலுங்கு தாண்டி மறுகால் போய்க்கிட்டு இருக்கு, உன் படத்துல பாதிகூட இல்லையே" என்றார். பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி, கண்மாய் நிறைந்து உபரி நீர் வெளியேறிக்கொண்டிருந்தது.

காரணம் சீமைக் கருவேலம். கண்மாயின் உள்வாயில் பாதிக்கு மேல் அந்த முள்மரம் மண்டிக் கிடந்தது. திறந்த நீர்ப்பரப்பு ரேடார் அலையை எதிர்ப்பக்கம் தெறிக்கவிட்டுவிடும், அதனால் படத்தில் கறுப்பாகத் தெரியும். தண்ணீருக்குள் மரம் நின்றால் அலை நீரில் பட்டு, தண்டில் பட்டு, திரும்பச் செயற்கைக்கோளுக்கே வந்து சேர்கிறது, அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. கறுப்பாக இருப்பதை மட்டுமே நீர் என்று எண்ணும் என் நிரலுக்கு அது காய்ந்த தரை. பாடப்புத்தகத்தில் இரட்டைத் தெறிப்பு என்று நான் படித்திருந்த சங்கதிதான், தேர்வில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன், ஆனால் ஒரு பெரியவர் போன் செய்து சொல்லும்வரை என் படத்தில் அது எனக்குத் தெரியவில்லை.

மதுரைக்கு அருகே, அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரியில் 2018 முதல் 2022 வரை சிவில் பொறியியல் படித்தேன். பெயரும் மதிப்பெண் பட்டியலும் விண்ணப்பத்தோடு இருக்கின்றன. அந்தப் பட்டியலில் மூன்றாம் பருவக் கணிதத்தில் ஒரு அரியர் இருப்பதைப் பார்ப்பீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் நான், வகுப்பில் நடப்பது பிடிபடவே ஒரு வருடம் ஆனது, பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளைப் புரியாமலே மனப்பாடம் செய்து எழுதித் தோற்றேன். அடுத்த பருவத்தில் தேறினேன். ஆனால் அதைவிட, நிலத்தடி நீர் ஓட்டத்தைப் பற்றிய பாடத்தில் அதே சமன்பாடு திரும்ப வந்தபோது அது என்ன சொல்கிறது என்று புரிந்ததைத்தான் தேர்ச்சியாக நினைக்கிறேன். நிகழ்தகவும் புள்ளியியலும் என்பிடெல் இணைய வகுப்புகளில் பிறகு தனியாகப் படித்தேன். எனக்கு இன்னும் போதாத இடம் அதுதான், கீழே அதற்கு வருகிறேன்.

இறுதியாண்டுத் திட்டத்தில் நாங்கள் மூன்று பேர். எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்பச் சின்னது: பொதுப்பணித்துறைப் பதிவேட்டில் எழுதியிருக்கும் கொள்ளளவு இன்றைக்கும் அந்தக் கண்மாயில் இருக்கிறதா? 62 ஹெக்டேர் ஆயக்கட்டு உள்ள ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுத்தோம். 2022 மே மாதம் அது கட்டாந்தரையாகக் கிடந்தபோது, ஆட்டோ லெவலும் அளவுச் சட்டமுமாக 11 நாள் நடந்து 640 இடங்களில் மட்டம் எடுத்தோம். காலை ஆறு மணிக்கு இறங்கினால் பத்தரைக்கு மேல் முடியாது, தரையிலிருந்து எழும்பும் அனலில் சட்டத்தில் இருக்கும் எண் நெளிய ஆரம்பித்துவிடும். பதிவேட்டில் 11.2 மில்லியன் கன அடி. எங்கள் அளவில் 8.1. மீதி வண்டல்.

பதிவேட்டு எண்ணை எழுதிய காலத்தில் எப்படி அளந்தார்கள் என்பது தெரியாமல் குறைவு முழுவதையும் வண்டல் தலையில் கட்டக் கூடாது என்று எங்கள் வழிகாட்டி வாய்மொழித் தேர்விலேயே சொன்னார். அவர் சொன்னது நியாயம். அதனால் மேலே உள்ள "மீதி வண்டல்" என்பதை "மீதியில் பெரும்பங்கு வண்டலாக இருக்கலாம்" என்று படித்துக்கொள்ளுங்கள்.

2022 ஜூனில் மதுரையில் கண்மாய்ப் புனரமைப்பு செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப் பொறியாளராகச் சேர்ந்தேன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன். தொடரில் உள்ள மேலும் நான்கு கண்மாய்களை அதே முறையில் அளந்து, நீர்ப்பரப்பிலிருந்து கொள்ளளவைக் கணிக்க

V = aA^b

என்ற உறவை ஐந்துக்கும் பொருத்தினேன். எங்களுக்கு b 1.31 வந்தது. கானாவின் மேல் கிழக்குப் பகுதிச் சிறு நீர்த்தேக்கங்களுக்கு லீபெ, வான் டே கீசன், ஆண்ட்ரேனி ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் அது 1.44-ஐ ஒட்டி இருக்கிறது. எங்கள் கண்மாய்கள் அதைவிடச் சப்பையானவை, ஒரு பக்கம் கரை, மற்ற மூன்று பக்கமும் மெல்ல ஏறும் தரை, நடுவில் பல காலம் படிந்த வண்டல், அதனால் நீர் ஒரு அடி ஏறினாலே பரப்பு மளமளவென்று விரிந்துவிடும். கூடவே, பரப்பில் நான் செய்யும் சின்னப் பிழையும் கொள்ளளவில் பெருகிப் போகிறது. அந்த ஆய்வைப் படித்த இரவில்தான் டெல்ஃப்ட் என்ற ஊர்ப் பெயரை முதன்முதலாகத் தேடிப் பார்த்தேன்.

கருவேலப் பிரச்சினைக்கு வருகிறேன். ஒரே படத்தில் கறுப்பைத் தேடுவதை விட்டுவிட்டு, கோடையில் காய்ந்து கிடந்தபோது எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, கறுத்த இடம், வெளுத்த இடம் இரண்டையுமே நீர் என்று எடுத்துக்கொள்ளும்படி முறையை மாற்றினேன். அளந்த ஐந்து கண்மாய்களின் மடைத்தூண்களில் பெயின்ட்டால் அளவுகோல் வரைந்தோம், நீர்ப்பாய்ச்சிகள் வாரம் ஒரு முறை படம் எடுத்து அனுப்புகிறார்கள். அந்த அளவோடு ஒப்பிட்டால் கொள்ளளவுப் பிழை சராசரியாக 41 சதவீதத்திலிருந்து 22-க்கு இறங்கியது. அங்கேயே நின்றும்விட்டது. மரம் அடர்ந்த இடத்தில் சென்டினல் ரேடாரின் சி அலைவரிசை இலையைத் தாண்டி உள்ளே போவதில்லை, நான் என்ன செய்தாலும் அது போகாது. காற்று பலமாக அடிக்கும் நாளில் திறந்த நீரே அலையடித்து வெளுத்துத் தெரிகிறது, அந்த நாட்களை இப்போதைக்குக் கையால் நீக்குகிறேன், அது முறையே அல்ல என்று எனக்கும் தெரியும்.

எனக்கு இப்போது தேவைப்படுவது இரண்டு. ஒன்று, என் கணக்கில் எவ்வளவு பிழை இருக்கிறது என்பதை முறைப்படி சொல்லத் தெரிய வேண்டும். "22 சதவீதம்" என்பது ஐந்து கண்மாய்களின் சராசரி, ஆறாவது ஊர்க்காரருக்கு அது ஒன்றும் சொல்லாது. 2014-இல் ஐலண்டர், அன்னோர், யன்னினி, வான் டே கீசன் ஆகியோர் சிறு நீர்த்தேக்கங்களைப் பேய்சியன் முறையில் கண்காணித்த ஆய்வில் நான் தடுமாறும் இதே கேள்வியை எடுத்திருக்கிறார்கள். மூன்று முறை படித்தேன், முக்கால்வாசி புரிகிறது. மற்றது, நீர் ஒரு கண்மாயிலிருந்து மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போவதை மாதிரியாக எழுதத் தெரிய வேண்டும். மேலே உள்ள ஊரில் கலுங்கில் மணல் மூட்டை அடுக்கினால் கீழே உள்ள ஊருக்கு எத்தனை நாள் கழித்து நீர் வரும் என்பதுதான் சங்கக் கூட்டங்களில் சண்டையே. தனித்தனிக் கண்மாயின் படம் அந்தச் சண்டைக்கு உதவாது.

இதனால்தான் சுற்றுச்சூழல் பொறியியல் முதுகலையில் நீர்வளப் பொறியியல் பிரிவைக் கேட்கிறேன். மார்குஸ் ஹ்ராஹோவிட்ஸ் குழுவின் நீர்ப்பிடிப்பு மாதிரி ஆய்வுகள் என் இரண்டாவது கேள்விக்கு நேராக வருகின்றன. சூசன் ஸ்டீல்-டன் தாவரங்களையும் ரேடாரையும் சேர்த்துச் செய்யும் ஆய்வுகள் கருவேலத்துக்கு. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலையில் ஏவிய நிசார் செயற்கைக்கோளில் எல் அலைவரிசை இருக்கிறது, சி அலைவரிசை முட்டி நிற்கும் இலைகளைத் தாண்டி அது உள்ளே போகும். ஆய்வேட்டுக்கு நான் மனதில் வைத்திருப்பது அதுதான்: அளந்த ஐந்து கண்மாய்களில் நிசார் படத்தையும் சென்டினல் படத்தையும் சேர்த்து, மரத்தடி நீரை எந்த அளவு நம்பிக்கையோடு சொல்ல முடியும் என்று பார்ப்பது. தலைப்பு அங்கே வந்தபின் மாறலாம், பிடிவாதம் இல்லை.

இந்தியாவிலேயே படிக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள், நீங்களும் கேட்கலாம். அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையத்தின் ஏரிப் பாசன ஆய்வுகளைப் படித்துத்தான் நான் வளர்ந்தேன், அங்கே குறை ஒன்றும் இல்லை. ஆனால் நான் தேடும் சேர்மானம், அதாவது சிறு நீர்த்தேக்கம், ரேடார், பிழைக் கணக்கு மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைப்பது, எனக்குத் தெரிந்து டெல்ஃப்டில்தான். இன்னொரு காரணமும் உண்டு, அது பாடத்திட்டத்தில் இல்லாதது. நெதர்லாந்தின் 21 நீர் வாரியங்களுக்கும் மக்கள் தனியாக வாக்களிக்கிறார்கள், தனியாக வரி கட்டுகிறார்கள். எங்கள் பக்கம் நீர்ப்பாய்ச்சிக்கு அறுவடையில் நெல் அளந்து கொடுக்கும் வழக்கம் தேய்ந்து வருகிறது. உங்கள் ஊரில் நீர் மிகை, எங்கள் ஊரில் பற்றாக்குறை, ஆனாலும் நீரைப் பங்கிடுகிறவருக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான், அதை நேரில் பார்க்க ஆசை.

என்னால் வகுப்புக்குக் கொண்டுவர முடிந்தது: ஐந்து கண்மாய்களின் தரைமட்ட அளவுகள், மூன்று மழைக்கால மடை அளவுகள், பைத்தானிலும் எர்த் எஞ்சினிலும் எழுதிய நிரல்கள், அப்புறம் நாலு மழைமானிகளின் பதிவு. அவற்றில் ஒன்றில் எறும்பு புற்று கட்டியதால் 2024 நவம்பர் முழுக்கச் சுழியமாக இருக்கிறது, அதை நீக்காமல் குறிப்போடு அப்படியே வைத்திருக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் உடனே திரும்பிவிடுவேன் என்று எழுதுவது வழக்கம். கல்விக் கடன் எடுத்து வருகிறேன், அதனால் ஓரிரு வருடம் அங்கே வேலை கிடைத்தால் செய்வேன். அதன் பிறகு இளையான்குடிப் பக்கம் இந்த 14 கண்மாய்களுக்கும் பாசன சங்கங்களே பார்த்துப் புரிந்துகொள்ளும் ஒரு நீர்க்கணக்கை அமைப்பதுதான் திட்டம். நிறுவனம் என் இடத்தில் இப்போதே ஒருவரைப் பயிற்றுவிக்கச் சொல்லியிருக்கிறது, தொடங்கிவிட்டேன்.

அளக்காத ஒன்பது கண்மாய்களில், தொடரின் நான்காவதிலாவது, அந்த நீர்ப்பாய்ச்சியின் ஊரில், 2026 மே மாதத்துக்குள் மட்டம் எடுத்து முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். கருவேலத்தை வெட்டினால்தான் சட்டத்தைப் பிடித்து நிற்க வழி கிடைக்கும், அதற்குச் சங்கத்தில் தீர்மானம் போட்டாகிவிட்டது.