வேறு நிறுவனத்திற்கு மாறிச் செல்ல ஆட்சேபனையில்லாக் கடிதம் கோரும் விண்ணப்பம்

சிங்கப்பூர்,
4 ஆகஸ்ட் 2025

அனுப்புநர்:
மு. செந்தில்குமார்,
ரிக்கர் மற்றும் சிக்னல்மேன்,
தெங்கா வீவக கட்டுமானத் தளம்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
தலைமை அலுவலகம், காக்கி புக்கிட்.

பொருள்: வொர்க் பெர்மிட்டை வேறு கட்டுமான நிறுவனத்திற்கு மாற்றிக்கொள்ளத் தங்கள் சம்மதமும் ஆட்சேபனையில்லாக் கடிதமும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2019ஆம் ஆண்டு முதல் தங்கள் நிறுவனத்தில் பணிபுரிந்து வருகிறேன். என்னுடைய தற்போதைய வொர்க் பெர்மிட் வரும் நவம்பர் 30ஆம் தேதியுடன் முடிகிறது. துவாஸ் பகுதியில் பணி நடத்தும் ஒரு கட்டுமான நிறுவனம் எனக்கு லிஃப்டிங் சூப்பர்வைசர் வேலை தர முன்வந்துள்ளது. அந்நிறுவனத்திற்கு நான் மாறிச் செல்லத் தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், என் சொந்தச் செலவில், லிஃப்டிங் சூப்பர்வைசர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றேன். நமது தளத்தில் அந்தப் பொறுப்பில் ஏற்கெனவே அனுபவமுள்ள இருவர் இருப்பதால் மூன்றாவதாக ஒருவர் தேவைப்படவில்லை என்று தள மேலாளர் சொன்னார். அது நியாயமான பதில் என்றே எடுத்துக்கொண்டேன். புதிய இடத்தில் அந்தப் பொறுப்பை உடனே தருவதாகவும், இப்போது நான் பெறும் நாளொன்றுக்கு 28 வெள்ளி அடிப்படைச் சம்பளத்தை 38 வெள்ளியாகத் தருவதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாற்றத்திற்காக எந்த முகவருக்கும் நான் பணம் கொடுக்கவில்லை; என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. தற்போதைய வேலையிலோ சம்பளப் பட்டுவாடாவிலோ குறை கண்டு நான் வெளியேற நினைக்கவில்லை. 2020 ஏப்ரலில் தங்குவிடுதிகள் மூடப்பட்டு நாங்கள் அறைக்குள்ளேயே இருக்க நேர்ந்த மாதங்களில் தாங்கள் சம்பளத்தை நிறுத்தாமல் ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்ததை என் வீட்டார் இன்றும் சொல்வார்கள்.

கட்டுமானத் துறையில் இருப்பவர்களுக்கு, பெர்மிட் முடிவதற்கு 40 நாள் முதல் 21 நாள் வரை உள்ள இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே புதிய முதலாளி விண்ணப்பிக்க மனிதவள அமைச்சு இடமளிக்கிறது என்பது தங்களுக்குத் தெரிந்ததே. என் கணக்கில் அந்தக் காலம் தீபாவளிக்கு மறுநாளான அக்டோபர் 21ஆம் தேதி தொடங்கி நவம்பர் 9 வரை வருகிறது. அதுவரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு அந்த நாளில் கிளம்பினால், கிரேன் வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் தளத்திற்கு ஆள் இல்லாமல் போகும். அதை நான் விரும்பவில்லை. அதனால்தான் பெர்மிட் முடிய ஏறக்குறைய நான்கு மாதம் முன்பே தங்களிடம் சொல்லி, வேலைக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு தேதியில், தங்கள் சம்மதத்தோடு செல்ல விரும்புகிறேன்.

செப்டம்பர் 30ஆம் தேதி என் கடைசி வேலை நாளாக இருக்கலாம் என்பது என் எண்ணம். ஒப்பந்தத்தில் உள்ள ஒரு மாத முன்னறிவிப்பை இது தாண்டிவிடும். நமது தளத்தில் மூன்றாவது பிளாக்கிற்கான குளியலறைத் தொகுதிகளை ஏற்றும் பணி செப்டம்பர் நடுவில் முடியும் என்று மேலாளர் கூறியிருக்கிறார்; அது தாமதமானால் அக்டோபர் 15 வரை இருந்து முடித்துக் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன், புதிய நிறுவனமும் அதற்கு ஒப்புக்கொண்டுள்ளது.

என் இடத்திற்கு ஊரிலிருந்து புதிதாக ஆள் எடுத்தால், அவருக்கு உயர்திறன் தகுதி கிடைக்கும் வரை மாதத் தீர்வை 500 வெள்ளிக்குப் பதில் 900 வெள்ளி கட்ட வேண்டிவரும் என்பதை நான் அறிவேன். ஆனால் என்னுடன் வேலை பார்க்கும் ரிக்கர்களில் இருவர் சிக்னல்மேன் பயிற்சியும் முடித்தவர்கள். வாக்கி டாக்கியில் கிரேன் ஆபரேட்டருக்குச் சொல்லும் வார்த்தை முதல், காற்று வீசும்போது தொகுதி சுழலாமல் கயிறு பிடிக்கும் முறை வரை, இருவருக்கும் ஆகஸ்ட் மாதமே பழக்கிவிடுகிறேன். ஸ்லிங், ஷேக்கிள் ஆகியவற்றின் எண்களையும், ஆண்டுக்கொருமுறை செய்ய வேண்டிய சோதனை எந்தெந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றில் சில அக்டோபரில் சோதனைக்கு வருகின்றன. அந்த நோட்டை ஸ்டோரில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.

நடைமுறை பற்றிச் சில வார்த்தைகள். புதிய நிறுவனம் அமைச்சின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கும். அப்போது நமது நிறுவனத்தின் சம்மதத்தை இணையத்திலும் பதிவுசெய்ய வேண்டியிருக்கும். அவர்களுக்குப் பெர்மிட் வழங்கப்படும் வரை நான் தங்கள் தொழிலாளியாகவே இருப்பேன்; அதற்கு முன் ஒரு நாள்கூட அந்த இடத்தில் வேலை செய்ய மாட்டேன், அது சட்டப்படி குற்றம் என்பதை நன்கு அறிந்திருக்கிறேன். எனக்கான 5,000 வெள்ளி பிணையத்தை இனி அவர்களே கட்டுவார்கள். நான் ஊருக்குத் திரும்பாமல் நேரடியாக மாறுவதால் என் விமானச் செலவும் தங்களுக்கு வராது.

ஆகவே, நிறுவனத்தின் கடிதத்தாளில், என் பெயர், ஃபின் எண், பணியில் சேர்ந்த தேதி, கடைசி வேலை நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வேறு நிறுவனத்திற்கு நான் மாறுவதில் ஆட்சேபனை இல்லை என்று எழுதி, முத்திரையுடன் கையெழுத்திட்டுத் தருமாறு வேண்டுகிறேன். அலுவலகத்தில் எழுத வசதியாக ஆங்கிலத்தில் ஒரு மாதிரி வாசகத்தை இணைத்துள்ளேன். அதில் தாங்கள் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம். கடைசி மாதச் சம்பளத்தையும் அந்த மாத ஓவர்டைம் தொகையையும் கடைசி வேலை நாளிலேயே கணக்கு முடித்து, சம்பளச் சீட்டுடன் தந்தால் உதவியாக இருக்கும். தங்குவிடுதி அட்டை, பாதுகாப்புக் கச்சை, வாக்கி டாக்கி ஆகியவற்றை அன்றே திருப்பித் தந்துவிடுகிறேன்.

புதிய நிறுவனம் என் பதிலுக்காக இம்மாத இறுதி வரைதான் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறது. ஆகஸ்ட் 18ஆம் தேதிக்குள் தங்கள் முடிவு தெரிந்தால் அவர்களுக்கு முறையாகப் பதில் சொல்ல முடியும். தேதியிலோ வேறு விவரத்திலோ தங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால், நேரில் வந்து பேச அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்; எந்த நாள் மாலையும் வேலை முடிந்து அலுவலகத்திற்கு வர என்னால் முடியும். சம்மதம் தர இயலாத நிலை இருந்தால், அதையும் எழுத்தில் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். அப்போதும் பெர்மிட் உள்ளவரை என் வேலையை வழக்கம்போல் செய்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
மு. செந்தில்குமார்

இணைப்பு: வொர்க் பெர்மிட் நகல், லிஃப்டிங் சூப்பர்வைசர் சான்றிதழ் நகல், புதிய நிறுவனத்தின் வேலை உறுதிக் கடித நகல், ஆட்சேபனையில்லாக் கடிதத்தின் ஆங்கில மாதிரி.

நகல்: தள மேலாளர், தெங்கா.