திருமணப் பக்கத்துக்கான அறிமுகக் காணொளி

(போனைக் கிணற்றுக்கட்டில் சாய்த்து வைக்கவும். முதல் 10 விநாடி முகம். லென்ஸை நேரே பார்க்க முடியாவிட்டால் அதற்குப் பின்னால் நிற்கிற வாழையைப் பார்த்துக் கதைக்கலாம்.)

வணக்கம். என் பெயர், வயது, படிப்பு எல்லாம் கீழே எழுத்தில் இருக்கிறது. கமராவைப் பார்த்தால் எனக்குக் குரல் இறுகிவிடும். கை வேலையில் இருந்தால் சொல் தானாக வரும். அதனால் இந்தக் காணொளியை வேலை செய்துகொண்டே எடுக்கிறேன்.

(போனைத் திருப்பவும். இனிக் கையும் மோட்டாரும் மட்டும்.)

நான் உரும்பிராய். தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் திருத்துகிறேன், 11 வருடமாக. எங்கள் பக்கம் வெங்காயமும் வாழையும் கிணற்றை நம்பித்தான் நிற்கின்றன. கோடையில் மோட்டார் நின்றால் தோட்டக்காரர் விடியமுன்னே படலையில் வந்து நிற்பார்.

எதையும் கழற்றுவதற்கு முதல், ஓடவிட்டுக் கேட்பேன். கரகரவென்றால் பெயாரிங் தேய்ந்திருக்கும். உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் அநேகமாகக் கப்பாசிற்றர். சத்தம் சரி, தண்ணீர்தான் வரவில்லை என்றால் கிணற்றுக்குள் இறங்கி புட்வால்வைப் பார்க்கவேண்டும். பொறுத்துக் கேட்காமல் ஸ்பனரை எடுத்தால் பழுதில்லாததையும் கழற்றவேண்டி வரும்.

வீட்டிலும் நான் அப்படித்தான். ஒருவர் சொல்லி முடிக்குமுன் பதில் சொல்ல மாட்டேன். சில பேர் அதைக் கோபம் என்று நினைத்திருக்கிறார்கள். கோபம் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவும் நானும் இருக்கிறோம். தங்கச்சி கல்யாணம் முடித்துச் சாவகச்சேரியில். வெள்ளிக்கிழமைகளில் நல்லூருக்குச் சைக்கிளில் போவேன். மழை நாளில் ஒடியல் கூழ் காய்ச்சுவது என் பொறுப்பு. மாவை ஊறவிட்டு, மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை வடித்துவிடவேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். அம்மா அதை என்னிடம்தான் விடுவார்.

வெளிநாடு போகிற எண்ணம் எனக்கு இல்லை. இதை முதலே சொல்லிவிடுவதுதான் நியாயம். சீதனம் வேண்டாம், அம்மாவோடும் கதைத்து முடிவெடுத்த விஷயம். வேலைக்குப் போவதும் மேலே படிப்பதும் உங்கள் விருப்பம். நான் எதிர்பார்ப்பது, மனதில் இருப்பதை என்னிடம் நேரே சொல்லுகிற ஒருவரை. அவசரமில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டுச் சொன்னாலும் சரி.

நீங்களும் கமராவுக்குக் கூச்சப்படுகிறவர் என்றால் காணொளி தேவையில்லை. அரை நிமிடக் குரல் பதிவு போதும். இன்றைக்கு என்ன சமைத்தீர்கள், பஸ்ஸில் என்ன நடந்தது, எதுவும் சொல்லலாம். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பதில் போடுவேன்.

சரி, இந்த மோட்டார் ஓடுதா என்று பார்ப்போம்.

(சுவிட்சைப் போடவும். வாய்க்காலில் தண்ணீர் விழுகிற சத்தம் 5 விநாடி. முகத்துக்குத் திரும்பத் தேவையில்லை.)