வட்டை விதானை அப்புவுக்கு

கந்தளாய்த் தண்ணி வந்திட்டுது அப்பு,
வாய்க்கால் தலைப்பில் நிற்குது அப்பு.
யாருக்கு முதலில் திறக்கிறது என்று
கேட்க வந்தோம் அப்பு,
நீங்கள் வாய் திறக்கவில்லை.

தம்பலகாமத்து வயலெல்லாம் ஆள் வந்தாச்சு,
எழும்பி வாங்கோ அப்பு.
கோபித்துப் போன கடைசி மருமகனும் வந்தாச்சு,
எழும்பி வாங்கோ அப்பு.

பாக்குவெட்டி தலைமாட்டில் கிடக்குது,
பாதிப் பாக்கு அதன் வாயில் இருக்குது.
மீதியை வெட்ட ஒருத்தருக்கும் கை வரவில்லை.

இடம்பெயர்ந்த நாளில் ஊரே ஓடிச்சுது அப்பு,
வீட்டுச் சாவியை மடியில் முடிந்து வந்தீர்கள் அப்பு.
திரும்பி வந்தால் கதவே இல்லை.
குளிப்பாட்டும்போது பார்த்தோம்,
சாவி இன்னும் மடியில்தான் அப்பு.

சத்தம் போட்டு அழமாட்டோம் அப்பு,
சத்தம் உங்களுக்குப் பிடிக்காது.
கொடுத்த கடனைக்கூடக்
காதோடுதானே கேட்பீர்கள்.

31ஆம் நாள் கன்னியாவுக்குப் போவோம் அப்பு,
ஏழு கிணற்றிலும் சுடுதண்ணி அள்ளுவோம் அப்பு.
எந்தக் கிணறு பிள்ளைகளுக்குச் சூடு பொறுக்கும் என்று
நீங்கள்தானே தொட்டுப் பார்த்துச் சொல்லுவீர்கள்.

தண்ணி நிற்குது அப்பு,
வாய்க்கால் தலைப்பில் நிற்குது அப்பு.
எழும்பி வாங்கோ அப்பு.